‘மீ’ செய்த குற்றம் என்ன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் வந்த ஆங்கிலக் குறிப்பில், இருவரைச் சேர்த்துச் சொல்லும்போது ‘மீ’ என்று எழுதுவது கொச்சை என்றும், மற்றவர் பெயரை முதலில் சொல்லி ‘அண்ட் ஐ’ என்று முடிப்பதே எப்போதும் முறை என்றும் கூறப்பட்டிருந்தது. இதில் பாதிதான் சரி. மற்றவரை முன்னே நிறுத்துவது மரியாதை. அது வரிசை பற்றிய செய்தி. ‘ஐ’ வருமா ‘மீ’ வருமா என்பதற்கும் மரியாதைக்கும் தொடர்பில்லை. வாக்கியத்தில் அந்தச் சொல் எழுவாயா, செயப்படுபொருளா என்பதே அதைத் தீர்மானிக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கற்றுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதை, ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் வெளிநாட்டுக் கடிதங்களைத் திருத்தும் வேலையில் நெடுங்காலம் இருந்த நான் அறிவேன்.

அங்கே புதிதாகச் சேரும் இளைஞர்கள் எழுதும் மின்னஞ்சல் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “மீ அண்ட் அவர் மேனேஜர் ஹேவ் செக்டு த லெதர். த பையர் ஹேஸ் ஆஸ்க்டு அவர் மேனேஜர் அண்ட் ஐ டு செண்ட் த சாம்பிள்ஸ். ஃபார் டீடெயில்ஸ், ப்ளீஸ் காண்டாக்ட் மைசெல்ஃப்.” மூன்று வாக்கியங்களிலும் பிழை உண்டு. ஆனால் முதல் பிழையைப் பள்ளியில் திருத்திய விதம்தான் இரண்டாவது பிழைக்குக் காரணம்.

முதல் வாக்கியத்தில் மேலாளரை எடுத்துவிட்டுப் படித்தால் “மீ ஹேவ் செக்டு” என்று நிற்கும். அப்படி யாரும் சொல்வதில்லை. ஆகவே அங்கே ‘ஐ’ வேண்டும், “அவர் மேனேஜர் அண்ட் ஐ” என்பதே சரி. ஆசிரியர்கள் இந்தப் பிழையைக் கண்டுதான் மாணவரை அதட்டுகிறார்கள். ஆனால் ‘இங்கே மீ எழுவாயாக இருக்கிறது’ என்று காரணம் சொல்லாமல் ‘மீ போடாதே’ என்று மட்டும் சொல்வதால், மாணவர் இரண்டாவது வாக்கியத்திலும் ‘ஐ’யைக் கொண்டுவந்து வைக்கிறார். அங்கே மேலாளரை எடுத்துவிட்டால் “த பையர் ஹேஸ் ஆஸ்க்டு ஐ டு செண்ட்” என்று இடிக்கும். சாம்பிளை அனுப்பப் போவது நான்தானே, அப்படியானால் நான் எழுவாய்தானே என்று வாதிடுவோர் உண்டு. செயலைச் செய்யப்போவது நாமாக இருக்கலாம். ‘ஆஸ்க்டு’ என்ற வினை தொடுவது நம்மைத்தான். தமிழில் இதை “மேலாளரையும் என்னையும் அனுப்பச் சொன்னார்” என்கிறோம், “மேலாளரையும் நானும்” என்று பள்ளிக்கூடம் போகாதவரும் சொல்வதில்லை. தமிழில் வேற்றுமை உருபு இரண்டு பெயரிலும் ஏறி நிற்பதால் நமக்குத் தடுமாற்றம் வருவதில்லை. ஆங்கிலத்தில் ‘மேனேஜர்’ என்ற சொல் எங்கு வந்தாலும் உருமாறாமல் நிற்கிறது. அதன் பக்கத்தில் நிற்கும் நாமும் மாறத் தேவையில்லை என்று தோன்றிவிடுகிறது.

அப்படியானால் தமிழில் சொல்லிப் பார்த்தே முடிவு செய்யலாமா என்றால், அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. “எனக்கும் தம்பிக்கும் பசிக்கிறது”, “அவருக்கும் எனக்கும் தெரியும்”, “எனக்கும் அவளுக்கும் காய்ச்சல்” என்ற வாக்கியங்களில் தமிழ் ‘எனக்கு’ என்கிறது. அதை நம்பி ஆங்கிலத்தில் ‘மீ’ எழுதினால் தவறு. “மை பிரதர் அண்ட் ஐ ஆர் ஹங்க்ரி” என்றே வர வேண்டும். பசித்தல், தெரிதல், பிடித்தல், வேண்டுதல் போன்றவற்றில் தமிழ் நான்காம் வேற்றுமையைக் கொள்ளும் இடத்தில் ஆங்கிலம் நேராக எழுவாயை வைக்கிறது. எனவே தமிழாக்கிப் பார்ப்பதைவிட, மற்றவரை எடுத்துவிட்டு ஆங்கிலத்திலேயே ஒருமுறை வாய்விட்டுப் படிப்பதுதான் பிழையில்லாத சோதனை. ‘ஆர்’ என்பது ‘ஆம்’ ஆக மாறுவதை மட்டும் கவனித்துக்கொண்டால் போதும்.

அந்தச் சோதனையும் ஓரிடத்தில் கைவிடும். ‘பிட்வீன்’ என்ற சொல்லுக்கு இருவர் வேண்டும். ஒருவரை எடுத்துவிட்டால் வாக்கியமே நிற்காது. அங்கே இருவருக்கும் சேர்த்து ‘வீ’ அல்லது ‘அஸ்’ போட்டுப் பார்க்க வேண்டும். ‘பிட்வீன் அஸ்’ என்போமே தவிர ‘பிட்வீன் வீ’ என்பதில்லை. ‘அஸ்’ பொருந்தும் இடம் ‘மீ’க்கு உரியது, ஆகவே “பிட்வீன் யூ அண்ட் மீ”. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் அந்தோனியோ எழுதும் கடிதத்தில் “பிட்வீன் யூ அண்ட் ஐ” என்றுதானே இருக்கிறது என்று கேட்கக்கூடியவர்கள் வேலூரில் இருக்கிறார்கள். இருக்கிறது, உண்மைதான். அந்தக் காலத்து வழக்கு அது. இன்று வேலைக்கு மனுப் போடுபவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

இனி மூன்றாவது வாக்கியம். ‘ஐ’ போட்டாலும் திட்டு, ‘மீ’ போட்டாலும் திட்டு என்று அஞ்சியவர்கள் ஒதுங்கும் நிழல்தான் ‘மைசெல்ஃப்’. ‘மீ’யைவிட நீளமாகவும் பணிவாகவும் ஒலிப்பது அவர்களுக்குத் துணை செய்கிறது. தமிழில் ‘தான்’, ‘தாம்’ என்ற தற்சுட்டுச் சொற்களிலிருந்து வந்த ‘தாங்கள்’ உயர்ந்த மரியாதைச் சொல்லாக இருப்பதால் நம் காதுக்கு இது இயல்பாகப் படுகிறதோ என்பது என் ஊகம் மட்டுமே. ஆங்கிலத்தில் ‘மைசெல்ஃப்’ மரியாதைச் சொல் அன்று. அதே வாக்கியத்தின் எழுவாய் ‘ஐ’யாக இருந்து, செயல் திரும்பி என் மீதே விழும்போது அது வரும்: “ஐ கட் மைசெல்ஃப்”, கத்தியால் நானே என்னை வெட்டிக்கொண்டேன். அல்லது அழுத்தத்துக்காக வரும்: “ஐ மைசெல்ஃப் செக்டு த லெதர்”, தோலை நானே பார்த்தேன். “ப்ளீஸ் காண்டாக்ட்” என்ற வாக்கியத்தில் மறைந்து நிற்கும் எழுவாய் ‘யூ’. அங்கே திரும்பி விழக்கூடியது ‘யுவர்செல்ஃப்’ மட்டுமே. ‘மைசெல்ஃப்’புக்கு இடமே இல்லை. “ப்ளீஸ் காண்டாக்ட் மீ” என்பதில் பணிவுக் குறைவு எதுவும் இல்லை, பணிவை ‘ப்ளீஸ்’ சுமந்துகொள்கிறது. வேறு எவரையும் கேட்க வேண்டாம், ‘என்னையே’ கேளுங்கள் என்ற அழுத்தம் தேவையானால் “மீ டைரக்ட்லி” என்று எழுதலாம்.

துணைக்கு ஒருவர் வந்தாலும் கணக்கு மாறாது. “காண்டாக்ட் த மேனேஜர் ஆர் மைசெல்ஃப்” தவறு, “ஆர் மீ” சரி. “த மேனேஜர் அண்ட் மைசெல்ஃப் வில் அட்டெண்ட்” என்பதில் இருவரும் எழுவாய், ஆகவே “அண்ட் ஐ”. நேர்காணல்களில் கேட்கும் “மைசெல்ஃப் முருகன், ஃப்ரம் காட்பாடி” என்பது ‘நான் முருகன்’ என்ற வினையில்லாத தமிழ் வாக்கியத்தின் அச்சு. அங்கே “ஐ ஆம் முருகன்” போதும்.

மாணவர் பக்கத்தில் வரும் வாரம் ஒரு திருத்தம் வெளியிட்டு, ‘எப்போதும் அண்ட் ஐ’ என்ற வரியை நீக்கி, அந்த இடத்தில் “த டீச்சர் கால்டு ரவி அண்ட் மீ” என்ற எடுத்துக்காட்டு ஒன்றையாவது சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பிளஸ் டூ அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.