அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு, வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் முடிந்துவிட்டன. மதிப்பெண் பட்டியல் விடுமுறைக்குப் பின் முதல் வாரத்தில் கைக்கு வரும். விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி இரண்டும் நல்லபடியாக நடந்தன. பரிசு வாங்கியவர்களுக்கும் உழைத்த ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள். குடிநீர்க் குழாய்களைச் சரிசெய்துவிட்டோம். சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற மாதம் பெற்றோர் சிலர் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுத்தீர்கள். மதிய உணவில் மீன், கருவாடு கொண்டுவருவதை நிறுத்த வேண்டும், வாடை தாங்க முடியவில்லை என்று அதில் இருந்தது. "எலும்பு வலுவுக்குப் பால் போதும், மீன் எதற்கு?" என்றும் ஒரு வரி இருந்தது. வாடை பற்றிய குறை நியாயமானது, அதற்கு ஏற்பாடு செய்கிறேன். பால் பற்றிய வரிக்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

200 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி 10 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 850 மில்லிகிராம் வேண்டும். பாலை மட்டும் நம்பினால் மூன்றரை டம்ளர் குடிக்க வேண்டும். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் குடிப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

மீன் என்று பொதுவாகச் சொன்னாலும் தவறு. வஞ்சிரத் துண்டில் நாம் சாப்பிடுவது சதையைத்தான், அதில் கால்சியம் சொற்பம். கால்சியம் இருப்பது முள்ளில். நெத்திலி போன்ற பொடி மீனை முள்ளோடு மென்று தின்றால்தான் அது உடம்புக்குச் சேரும். டப்பாவில் அடைத்த மத்தி மீனில் நூறு கிராமுக்கு 380 மில்லிகிராம் அளவு இருக்கிறது என்றால், அதிக வெப்பத்தில் வேகவைப்பதால் முள் மெத்தென்று ஆகி, அதையும் சேர்த்துத் தின்பதால்தான். வங்கதேசத்துக் குளங்களில் கிடைக்கும் மோலா என்ற பொடி மீனில் நூறு கிராமுக்கு 800 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கிறது.

"முள்ளில் இருக்கலாம், ஆனால் அது செரிக்குமா?" என்று ஒரு தந்தை கேட்டார். நல்ல கேள்வி. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சகுந்தலா தில்ஸ்டெட் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் அவரோடு வேலை செய்தவர்களும் வங்கதேசத்துச் சிறு மீனை முள்ளோடு ஒரு வேளையும், அதே அளவு கால்சியம் உள்ள பாலை ஒரு வேளையும் 19 பேருக்குக் கொடுத்தார்கள். உடம்பு எவ்வளவு கால்சியத்தை ஏற்றுக்கொண்டது என்று அளந்தபோது, மீனில் சுமார் 24 சதவீதம், பாலில் சுமார் 22 சதவீதம். அதாவது இரண்டும் ஒன்றுதான். 1998-இல் வெளிவந்த ஆய்வு இது. அந்த அம்மையார் 2021-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். மீன் உயர்ந்தது, பால் தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஒன்றுக்கு இன்னொன்று ஈடு, அவ்வளவுதான். சைவக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பால்தான் பெரிய வழி. பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்களுக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும், கால்சியம் குறையாது.

முள் எப்படிக் கரைகிறது என்பதை நம் கண்காட்சியிலேயே பார்த்தோம். எட்டாம் வகுப்பு மாணவிகள் இருவர் மீன் முள்ளை வினிகரில் போட்டு வைத்தார்கள். மூன்றாம் நாள் அது ரப்பர் போல வளைந்தது. முள்ளைக் கெட்டியாக வைத்திருக்கும் கால்சியம் பாஸ்பேட் புளிப்பில் கரைந்துவிட்டது. நம் வயிற்றில் இருக்கும் அமிலமும் இதைத்தான் செய்கிறது. புளி ஊற்றி மீன் குழம்பு வைக்கும்போது முள்ளின் கால்சியம் கொஞ்சம் குழம்பிலும் இறங்கும். ஆகவே மீனை எடுத்துக்கொண்டு குழம்பைக் கொட்டாதீர்கள்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு பாட்டி, "தொண்டையில மாட்டிக்குமேன்னு ஒவ்வொரு நெத்திலிக்கும் நடுமுள்ள உருவிட்டுத்தான் குடுக்குறேன் டீச்சர்" என்றார். அந்தப் பாசம் புரிகிறது. ஆனால் உருவி எறிவதோடு பெரும்பகுதி கால்சியமும் போய்விடுகிறது. சின்ன நெத்திலியை மொறுமொறுவென்று வறுத்து, நன்றாக மென்று தின்னப் பழக்கலாம். பெரிய மத்தி போன்றவற்றின் முள் அப்படி மெல்ல வராது, அதைப் பிள்ளைகளுக்கு எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து உப்பைக் கழித்துவிடுங்கள். உப்பு அதிகமானால் கால்சியமும் சேர்ந்து சிறுநீரில் போகும். ஒரு தேக்கரண்டி உப்பு கூடினால் 20 முதல் 40 மில்லிகிராம் வரை இழக்கலாம்.

கீரை பற்றியும் கேட்டிருந்தீர்கள். பாலக் கீரையில் கால்சியம் நிறைய இருந்தாலும் அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் பிடித்துக்கொள்வதால் சுமார் 5 சதவீதம்தான் சேர்கிறது. மீனும் தயிரும் சேர்ந்தால் தோலில் வெண்புள்ளி வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது வேறு காரணத்தால் வருவது, சாப்பாட்டுச் சேர்க்கையால் அல்ல. சேர்த்துச் சாப்பிடுவதும் விடுவதும் உங்கள் வீட்டு விருப்பம்.

எதைத் தின்றாலும் வைட்டமின் டி இல்லாவிட்டால் கால்சியம் குடலில் நுழைவது குறையும். அது முக்கியமாக வெயிலிலிருந்து வருவது. நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும்போதுதான் அந்த வெயில் தோலில் வேலை செய்யும். காலைப் பிரார்த்தனை வெயில் இதற்குப் போதாது. அதனால் ஜனவரி முதல் காலை இடைவேளையை முற்பகல் 11 மணிக்கு மாற்றி, பதினைந்து நிமிடம் பிள்ளைகளை மைதானத்தில் விடப்போகிறோம். நிறம் கறுத்துவிடும் என்று தடுக்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறாம் வகுப்பில் நெத்திலி வறுவல் கொண்டுவந்த ஒரு பிள்ளையைச் சக மாணவர்கள் தனியே உட்காரவைத்திருக்கிறார்கள். "எங்க வீட்டுல சொன்னாங்க" என்றுதான் காரணம் சொன்னார்கள். அந்தப் பிள்ளை மறுநாள் வெறும் தயிர் சாதம் கொண்டுவந்து, டப்பாவை மூடியால் மறைத்துச் சாப்பிட்டது. இந்தப் பள்ளியில் சாப்பாட்டை வைத்து யாரையும் ஒதுக்க அனுமதி இல்லை. மீனுக்குத் தடையும் இல்லை. இன்னொரு முறை நடந்தால் பிள்ளைகளை அல்ல, பெற்றோரைத்தான் அழைப்பேன்.

வாடைக்கான ஏற்பாடு: சாப்பாடு இனி வகுப்பறையில் வேண்டாம், வேப்பமரத்தடி மேடையில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம். மீன் கொண்டுவருபவர்கள் இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் அனுப்புங்கள். கைகழுவ எலுமிச்சைத் தோலும் சோப்பும் குழாயருகே இருக்கும்.

மனுவில் கையெழுத்திட்டவர்கள் வருத்தப்பட வேண்டாம். நேரில் வந்து சொல்லாமல் புறம்பேசியிருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும். மேடைக்குக் கூரை போட முன்வந்த பெற்றோர்களுக்கும், எலுமிச்சைத் தோல் யோசனை சொன்ன மீனவக் குடும்பத்து அம்மாவுக்கும் மனமார்ந்த நன்றி. பள்ளி மீண்டும் திறக்கும் நாளன்று குடிநீர் பாட்டில் கொடுத்துவிட மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை