அந்தப் படத்துக்கா முதல் பரிசு?

அன்புள்ள நண்பா,

கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் நலம். கொழிஞ்சாம்பாறையில் காற்றுதான் கதவைச் சாத்தவும் விடாமல் திறக்கவும் விடாமல் அடிக்கிறது. சங்கத்தின் 'சுத்தமான தெரு' போட்டியில் பரிசு வாங்கிய படத்தைப் பார்த்துவிட்டு, இதைவிட நல்ல படமே வரவில்லையா என்று கேட்டிருந்தாய். வந்தது, நிறையவே வந்தது. ஆனால் நாங்கள் பரிசு கொடுத்தது தெருவுக்கு.

படங்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டு யாருக்கு லைக் அதிகம் என்று பார்த்துவிடலாம் என்றார்கள். அப்படிச் செய்தால் வீடு அதிகம் உள்ள தெருதான் ஜெயிக்கும். அதனால் தெருப் பெயரை மறைத்து, பக்கத்துப் பஞ்சாயத்திலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரை நடுவராகக் கூப்பிட்டோம். படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னோம், சாதாரணமாக அனுப்பினால் எடுத்த தேதி அழிந்துவிடும், போன வருஷத்துப் படம் வந்தால் தெரியாது.

போன் கேமராவை 0.5-இல் வைத்து அகலமாக எடுத்த படங்களை முதலிலேயே ஒதுக்கினோம். அதில் சந்துகூட நெடுஞ்சாலை மாதிரி அகலமாகத் தெரியும், தள்ளிக் கிடக்கும் குப்பை சின்னதாகிவிடும். மிச்சத்தில் வாத்தியார் பார்த்தது சாக்கடையையும் சுவரின் அடியையும்தான். கோயில் தெருப் படம் சாயங்கால வெயிலில் அவ்வளவு அழகு, ஆனால் ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் கோடு, மந்திரி வரும் வழி மாதிரி! பெரிதாக்கிப் பார்த்தால் சாக்கடை விளிம்பில் அப்போதுதான் வாரிப்போட்ட கறுப்புச் சேறு ஈரமாகவே கிடந்தது. முந்தின நாள் வேலை. நீ கேட்ட படம் உச்சி வெயிலில் எடுத்தது, பார்க்க வெளிறித்தான் இருக்கும். ஆனால் ஸ்லாப் ஒன்றைத் தூக்கிவைத்து உள்ளே எடுத்திருந்தார்கள், அடித்தளத்து சிமெண்ட் தெரிய தண்ணீர் ஓடுகிறது, சுவரடியில் புல் இல்லை, கம்பத்தடியில் பிளாஸ்டிக் எரித்த கரி இல்லை.

அந்தப் படத்தின் மூலையில் சாக்கு மூட்டைகள் இருக்குமே, அதைக் காட்டி குப்பை என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். அது கழுவிக் காயவைத்துக் கட்டிய பிளாஸ்டிக், வீடு வீடாகப் பிளாஸ்டிக் சேகரிக்கும் ஹரித கர்ம சேனா பெண்கள் வந்து எடுத்துப்போக வைத்தது. அதை மறைக்காமல் எடுத்ததே வாத்தியாருக்குப் பிடித்துவிட்டது.

அப்புறமும் சந்தேகம் வேண்டாம் என்று சில வாரம் கழித்து, யாரிடமும் சொல்லாமல் இரண்டு தெருவுக்கும் போனோம். கோயில் தெருவில் தேங்காய் மட்டையும் இலையும் அடைத்து, சாக்கடை ரோட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. மற்றதில் ஒரு இடத்தில் மண் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

கோயில் தெருக்காரர்கள் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அடுத்த வருஷம் ஒரே கம்பம் தெரிகிற மாதிரி, ஒரு மாத இடைவெளியில் இரண்டு படம் கேட்கலாம் என்று இருக்கிறேன். உன் காலனியில் இப்படி ஏதாவது நடத்துகிறீர்களா? எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்