குட்டு மாவும் நவராத்திரி விரதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 செப்டம்பரில், தில்லி ஜஹாங்கீர்புரியில் நவராத்திரி விரதத்துக்காகக் குட்டு மாவுப் பண்டங்களை உண்ட சுமார் 200 பேர் வாந்தியும் வயிற்றுவலியுமாக மருத்துவமனைக்குச் சென்றனர். ஆங்கிலத்தில் பக்வீட் எனப்படும் குட்டு விதையில் எண்ணெய்ச் சத்து உண்டு என்பதால், அரைத்த மாவு ஓரிரு மாதங்களில் காறிவிடும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். விரத நாட்களில்தான் பெரிதும் விற்பனையாவதால், வசந்த நவராத்திரியில் மிஞ்சிய மாவு புரட்டாசியில் புது மாவோடு கலந்து கடைக்கு வந்துவிடும் அபாயம் உள்ளது.

எண்ணெயில் பொரித்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பூஞ்சை நச்சுகள் பல அந்தச் சூட்டையும் தாங்குபவை. முழு விதையாக வாங்கி, கழுவி நன்கு உலர்த்தி, வேண்டிய அளவு மட்டும் அரைத்து, காற்றுப்புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வைப்பதே மேல். கட்டிதட்டிய, காறல் வாடையடிக்கும் மாவைச் சலித்துப் பயன்படுத்தாமல் கொட்டிவிட வேண்டும்.

வாசகி, தில்லி