பஸ் ஏறும் முன் சொல்ல வேண்டியவை

ஆசிரியருக்கு,

பள்ளிச் சுற்றுலாக்களில் மாணவர் பாதுகாப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். அனுமதிக் கடிதம், முதலுதவிப் பெட்டி என எல்லாம் அதில் இருந்தன. புறப்படும் முன் ஆசிரியர் வாய்மொழியாகச் சொல்லும் அறிவுரை மட்டும் இல்லை. அதையும் பெரும்பாலும் ஓடும் பஸ்ஸில், பாட்டுச் சத்தத்துக்கு நடுவே சொல்கிறார்கள். பின் வரிசைக்கு எதுவும் எட்டாது. "தொலைந்தால் பஸ்ஸுக்கு வந்துவிடு" என்பது அதைவிட ஆபத்தான அறிவுரை. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு அருகே கூட்டத்தில் பிரிந்த எங்கள் ஆறாம் வகுப்பு மாணவன், இறங்கிய இடத்துக்கே சரியாகத் திரும்பினான். பஸ்ஸோ எங்களை இறக்கிவிட்டு வாகன நிறுத்துமிடம் போயிருந்தது. அவன் அதைத் தேடி நடந்ததால்தான் கண்டுபிடிக்கத் தாமதமாயிற்று.

எனவே சந்திக்கும் இடம் நகராததாக இருக்க வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக, கடற்கரைக் கோயில் என்றால் அதன் நுழைவாயில் என்று சொல்லலாம். அங்கு போக வழி தெரியாவிட்டால், பிரிந்த மாணவன் நின்ற இடத்திலேயே நிற்கட்டும்; வந்த வழியே திரும்பித் தேடுவது ஆசிரியரின் வேலை. நெடுநேரம் யாரும் வராவிட்டால் காவலரிடமோ நுழைவுச்சீட்டு ஊழியரிடமோ ஆசிரியரின் கைப்பேசி எண் எழுதிய அட்டையைக் காட்டட்டும். இவற்றைப் பள்ளி வளாகத்திலேயே சொல்லி, கடைசி வரிசை மாணவர் ஒருவரைத் திருப்பிச் சொல்லவைத்த பிறகே பஸ் ஏற்ற வேண்டும் எனப் பள்ளிக் கல்வித் துறை அறிவுறுத்தலாம்.

- ஓய்வுபெற்ற ஆசிரியர், செங்கல்பட்டு