‘சில வீடுகளில்’ என்றால் யார் வீடு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஆண்டு உங்கள் தீபாவளிக் குறிப்பில் ‘அன்று அசைவம் தவிர்ப்பது மரபு’ என்று ஒரு வரி வந்திருந்தது. விடிவதற்குள் கறிக்கடையில் வரிசை கட்டி நிற்கும் மதுரைப் பக்கத்தில் அதைப் படித்துச் சிரித்தேன். ஆனால் அதே தப்பை நானும் செய்தவள்தான்.

பள்ளி விழாவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பேசுவதற்கு நான்கு நிமிட உரை எழுதிக் கொடுத்தேன். ‘நாம் அனைவரும் புத்தாடை உடுத்துவோம், நோன்பு எடுத்து அதிரசம் படைப்போம், சைவம் சமைப்போம்’ என்று போகும். ஒத்திகையில் ஒரு பையன் பாதியில் நின்றுவிட்டான். “டீச்சர், எங்க வீட்ல காலையிலேயே இட்லியும் கறிக்குழம்பும்தான்.” உடனே ஒரு பெண், “எங்களுக்கு நோன்பே கிடையாது டீச்சர்” என்றாள்.

சரி, திருத்துவோம் என்று ‘சில வீடுகளில் அசைவம் உண்டு, சில வீடுகளில் நோன்பு இல்லை’ என்று சேர்த்தேன். இன்னும் மோசமாகிவிட்டது. என் வீட்டு வழக்கம் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தது. மற்றவர்கள் ‘சில வீடுகள்’ ஆகித் திண்ணையில் இருந்தார்கள்.

பிறகு முழுதாக மாற்றி எழுதினேன். ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசி, விடியுமுன் எண்ணெய்க் குளியல், நரகாசுரன் கதை ஆகியவை மட்டும் பொதுவில் நின்றன. கேதாரகௌரி நோன்பு அமாவாசைக்கு உரியது. சில ஆண்டு தீபாவளியன்றே வரும், சில ஆண்டு மறுநாள் வரும். ஆகவே அதைத் தனி நோன்பாகவே சொன்னேன். மிச்சத்தைப் பிள்ளைகளிடம் விட்டேன். “எங்கள் வீட்டில் அப்பத்தாவிடமிருந்து அம்மாவுக்கு வந்த நோன்பு. 21 அதிரசம், 21 இழைக் கயிறு” என்றாள் ஒருத்தி. கறிக்குழம்புப் பையனும் ‘எங்கள் வீட்டில்’ என்றே தொடங்கினான். நோன்பு இல்லாத பெண்ணிடம் காரணம் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. வழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

புத்தாடை வரிதான் கடைசிவரை உறுத்தியது. வகுப்பில் ஒரு பெண்ணின் தாத்தா இறந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. அவர்களுக்கு அந்த வருஷம் பண்டிகை இல்லை. ‘அனைவரும்’ என்பதை அடித்துவிட்டு, ‘துக்கம் நடந்த வீட்டில் அந்த ஆண்டு பண்டிகை எடுக்க மாட்டார்கள்; பக்கத்து வீட்டார் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்’ என்று எழுதினேன். அந்த வரியை அவளிடம் கொடுக்கவில்லை, வேறொரு பையன் சொன்னான். அப்புறம், நான்கு நிமிடம் ஆறு நிமிடமாகிவிட்டது, தலைமையாசிரியர் முறைத்தார் என்பது வேறு கதை.

இந்த ஆண்டும் குறிப்பு போடுவீர்கள். அசைவம் தவிர்ப்பது எழுதுகிறவர் வீட்டு வழக்கம் என்றால், ‘எங்கள் வீட்டில்’ என்றே அவர் எழுதட்டும். பக்கத்திலேயே ஒரு கறிக்குழம்பு வீட்டுக்காரருக்கும் நாலு வரி இடம் கொடுங்கள்.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
திருமங்கலம்.