பீட்டைத் திருப்பிப் பாருங்கள்: குடிநீர்க் குழாய் வேலையைக் கண்காணிக்கும் சென்னைப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம். எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் குழாய் வெல்டு செய்யும் வேலையில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். கிளாம்ப் இறுக்கும் பையனாக வந்து, ஆபரேட்டராகி, இப்போது சூப்பர்வைசர். நான் பார்த்த பல தளங்களில் நீங்கள் வருவீர்கள், மூட்டுக்கு மேல் குனிந்து போனில் ஒரு படம் எடுப்பீர்கள், பதிவேட்டில் டிக் போடுவீர்கள். அந்தப் படத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

சென்ற கோடையில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு வேலை. 315 மில்லிமீட்டர் குழாய், பி.ஈ. 100, எஸ்.டி.ஆர். 17, அதாவது சுவர்த் தடிமன் 18.7 மில்லிமீட்டர். அது வேறொரு குழுவின் வேலை. இரண்டு நாள் அவர்களுக்கு உதவியாக என்னை அனுப்பியிருந்தார்கள். போனதும், மூட்டுகளில் உருகல் பிதுங்கி நிற்கும் பீட்களைத்தான் பார்த்தேன். குழாயைச் சுற்றி ஒரே அளவில், இரண்டு உருண்டை விளிம்புகள் சேர்ந்து படிந்து, பளபளவென்று இருந்தன. "சூப்பரா இருக்குல்ல அண்ணே?" என்றான் ஆபரேட்டர். இருந்தது. ஆனால் குழாய் முனைகளை உருக்கும் ஹீட்டர் பிளேட்டுக்கு உறை இல்லை. மணல்மேட்டில் ஒரு பலகை மேல் சும்மா சாய்த்து வைத்திருந்தார்கள். கடற்காற்று ஏறிவிட்ட நேரம். பல்லில் மணல் நறநறத்தது.

என் பையில் பீட் சீவும் கருவி இருந்தது. மதியம் போட்ட ஒரு மூட்டின் வெளிப் பீட்டை முழுவதுமாகச் சீவி எடுத்தேன். 315 குழாயில் அது ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள பட்டை. அடிப்பக்கம் வெளியே வரும்படி, நாலு விரல் அகலத்துக்கு ஒரு முறை பின்னால் வளைத்துக்கொண்டே போனேன். மூன்றாவது வளைப்பில் நடுக்கோடு வாய் பிளந்தது. கத்தியால் கீறியது போல் நேரான பிளவு. ஆபரேட்டர் பேசவில்லை. அன்றைய எல்லா மூட்டையும் சீவினோம். காலையில் போட்டவை பிளக்கவில்லை. காற்று ஏறிய பிறகு போட்டவற்றில் நான்கு பிளந்தன. நான்கையும் வெட்டி எடுத்து மறுபடி போட்டோம். அந்த நான்குக்கும் உங்களைப் போன்ற ஒருவர் ஏற்கெனவே டிக் போட்டிருந்தார். அவரைக் குறை சொல்லவில்லை. மேலே இருந்து பார்த்தால் நானும் போட்டிருப்பேன்.

அது ஏன் மேலே தெரிவதில்லை என்பதற்கு, வெல்டு எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு முனைகளையும் கட்டரால் சீவி, நேராகச் சேர்த்துப் பார்க்கிறோம். இந்த அளவுக் குழாயில் இடைவெளி அரை மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டு சுவரும் ஒன்றுக்கொன்று விலகியிருப்பது தடிமனில் பத்தில் ஒரு பங்குக்குள், அதாவது 1.8 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பிறகு 200 முதல் 220 டிகிரி வரை சூடான பிளேட்டில் முனைகளை அழுத்துகிறோம். சுற்றிலும் 2 மில்லிமீட்டர் விளிம்பு எழுந்ததும் அழுத்தத்தை ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு, சூடு உள்ளே இறங்கக் காத்திருக்கிறோம். ஜெர்மன் வெல்டிங் சங்கத்தின் டி.வி.எஸ். 2207 முறைப்படி மில்லிமீட்டருக்குப் பத்து விநாடி. இந்தக் குழாய்க்கு 187 விநாடி. பிளேட்டை எடுத்து 10 விநாடிக்குள் முனைகளைச் சேர்த்து, அழுத்தத்தைச் சீராக ஏற்றி, ஆறும்வரை அப்படியே பிடித்திருக்கிறோம். சேரும்போது உருகிய பொருளில் ஒரு பகுதி வெளியே பிதுங்கி இரண்டு பக்கமும் சுருளும். அதுதான் பீட்.

ஆக, பீட் என்பது மூட்டு அல்ல. மூட்டிலிருந்து வெளியேறிய மிச்சம். சூடும் அழுத்தமும் முனைகள் நேராகச் சேர்ந்தனவா என்பதும் அதில் எழுதியிருக்கும். ஆனால் அது சுருளும்போது இணைப்புக் கோட்டை மூடிக்கொண்டே சுருள்கிறது. குழாய் முனையில் படிந்த நுண்மணல், கட்டரில் சீவிய முனையைத் தடவிப் பார்த்த கையின் எண்ணெய், குனிந்தவர் நெற்றியிலிருந்து சொட்டிய வியர்வை, எல்லாம் அந்தக் கோட்டில்தான் மாட்டிக்கொள்ளும். பீட் அதன் மேல் போர்வை போர்த்திவிடும். மே மாத வெயிலில் வியர்வையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தலையில் துண்டு கட்டாமல் முனைக்கு மேல் குனியும் ஆபரேட்டரைக் கண்டால் நான் முதலில் துண்டைத்தான் நீட்டுவேன்.

மேலிருந்து பார்ப்பதே வீண் என்று சொல்லவில்லை. இரண்டு விளிம்புக்கும் நடுவே உள்ள பள்ளம் குழாயின் மேற்பரப்புக்குக் கீழே இறங்கியிருந்தால் அந்த மூட்டு அங்கேயே தோற்றது. பீட் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் ஒல்லியாக இருந்தால் முனைகள் நேராகச் சேரவில்லை, அல்லது காற்றடித்த பக்கம் பிளேட் ஆறியிருக்கிறது. கொப்புளமும் பொத்தலும் ஈரத்தையும் அழுக்கையும் சொல்லும். விளிம்புகளில் ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக, ஆனால் சுற்றிலும் ஒரே மாதிரி இருந்தால் உடனே வெட்டச் சொல்லாதீர்கள். இரண்டு குழாயும் வேறு வேறு கம்பெனிச் சரக்கு என்றால், உருகி ஓடும் தன்மை வேறுபட்டு அப்படி வரலாம்.

தளங்களில் ஒரு தவறான நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது: பெரிய பீட், நல்ல பீட். சூடு இறங்கும் அந்த 187 விநாடியில் ஆபரேட்டர் அழுத்தத்தை இறக்க மறந்தால் உருகியதெல்லாம் அப்போதே வெளியே பிதுங்கிவிடும். பீட் கொழுத்துத் தெரியும். சேர வேண்டிய முகத்தில் மெல்லிய படலம்தான் மிஞ்சும். இதையும் சீவினால்தான் காணலாம். நல்ல பீட்டின் அடி அகலமாக, கெட்டியாக இருக்கும். இந்த மாதிரிப் பீட்டின் அடி குறுகி, உள்ளே குழிந்து, குழல் போல் சுருண்டிருக்கும்.

அழுத்தக் கணக்கிலும் ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள். இந்தக் குழாயின் வெட்டுமுகப் பரப்பு சுமார் 17,400 சதுர மில்லிமீட்டர். சதுர மில்லிமீட்டருக்கு 0.15 நியூட்டன் என்றால் மொத்தம் 2,610 நியூட்டன். மெஷினின் சிலிண்டர் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் கேஜில் 26 பார் காட்ட வேண்டும். ஆனால் பின்னால் ஏற்கெனவே சேர்த்த குழாய் வரிசை கிடக்கிறது; அதை இழுக்கவே 8 பார் போகிறது என்றால் 34 வைக்க வேண்டும். 26 வைத்தால் மூட்டுக்குப் போய்ச் சேர்வது 18 தான், வேண்டியதில் எழுபது சதவீதம். வரிசை நீள நீள அந்த இழுவை மாறும். காலையில் ஒரு முறை பார்த்து எழுதிய எண்ணை மாலைவரை பதிவேட்டில் இறக்கியிருந்தால், இழுவையை யாரும் அளக்கவில்லை என்று அர்த்தம்.

அதே பதிவேட்டில் இன்னொன்றையும் நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடிக்கலாம். 25 முதல் 40 டிகிரி வெப்பநிலையில் இந்தச் சுவருக்கு, அழுத்தத்தோடு ஆற 24 நிமிடம். ஒரு மெஷினில் ஒரே நாளில் 20 மூட்டு என்று எழுதியிருந்தால், ஆறும் நேரம் மட்டுமே எட்டு மணி நேரம். சீவுவது, நேராக்குவது, சூடேற்றுவது, குழாயை நகர்த்துவது எல்லாம் எப்போது நடந்தது? ஒழுங்காகச் செய்தால் எங்கள் கையில் பத்து, பன்னிரண்டுதான் வரும். மூட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடத்தில் ஆறும் நேரம்தான் முதலில் களவு போகும். சில இடங்களில் ஈரச் சாக்கைச் சுற்றியோ தண்ணீர் ஊற்றியோ ஆற்றுகிறார்கள். கண்டால் அந்த மூட்டை வெட்டச் சொல்லுங்கள். வெளியே விறைத்து உள்ளே இளகிய நிலையில் கிளாம்ப் கழன்றது அது.

"ஹைட்ரோ டெஸ்ட் இருக்கே, அதுல மாட்டிக்கும்" என்று ஒரு உதவிப் பொறியாளர் என்னிடம் சொன்னார். பாதிக்குப் பாதி கூட ஒட்டாத மூட்டு அந்தத் தண்ணீர் அழுத்தச் சோதனையில் மாட்டலாம். மயிரிழைப் பிளவுள்ள மூட்டு, சோதனையின் சில மணி நேரத்தைத் தாங்கிவிடும். பிளவு மெல்ல வளர்வது மண்ணுக்குள் போன பிறகுதான். கறுப்புக் குழாய் வெயிலில் நீண்டு கிடக்கும்போது இறக்கி மூடினால், ஆறும்போது 20 டிகிரி குறைந்தாலே 100 மீட்டருக்கு 30 சென்டிமீட்டருக்கு மேல் சுருங்கப் பார்க்கும். மண் அதை விடாது. அந்த இழுப்பு மூட்டுகள் மேலும் விழும். வருடங்கள் கழித்து ஒருநாள் ரோடு உள்வாங்கும்.

பீட்டை வளைத்துப் பார்ப்பதும் எல்லாவற்றையும் காட்டிவிடாது. அது வெளி விளிம்பை ஒட்டிய பகுதிக்குத்தான் சாட்சி. சுவரின் நடுவில் இருப்பதைச் சொல்லாது. அதற்கு அவ்வப்போது ஒரு மூட்டை வெட்டி, துண்டுகளை ஆய்வகத்தில் இழுத்துப் பார்க்க வேண்டும். நல்ல வெல்டு மிட்டாய் போல் நீண்டு கிழியும். கெட்டது தட்டையாக, சுத்தமாகப் பிரியும். அதை எல்லா மூட்டுக்கும் செய்ய முடியாது. வெளிப் பீட்டைச் சீவுவதை எல்லா மூட்டுக்கும் செய்யலாம்: சில நிமிட வேலை, மெஷின் அடுத்த மூட்டில் இருக்கும்போதே முடிந்துவிடும். "சீவினா பலம் போயிடும்" என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். பீட்டின் பலத்தை நம்பி யாரும் குழாய் வடிவமைப்பதில்லை. சுவரில் வெட்டு விழாத சரியான கருவி இருந்தால் போதும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். ஒப்பந்த நிபந்தனையில் வெளிப் பீட் சீவுவதை எழுதுங்கள். சீவிய பட்டையில் மூட்டு எண்ணும் தேதியும் ஆபரேட்டர் பெயரும் எழுதி, கட்டாகக் கட்டி உங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வளைப்பதை உங்கள் கையாலேயே செய்யுங்கள். ஒன்று பிளந்தால் அந்த மூட்டோடு நிறுத்தாமல், அதற்கு முன்னும் பின்னும் அதே பிளேட்டில் போட்டவற்றையும் பாருங்கள். காலையில் முதல் மூட்டுக்கு முன் ஒரு துண்டுக் குழாயை முழு நேரமும் சூடேற்றி எடுத்தார்களா என்று கேளுங்கள். பிளேட்டில் ஒட்டிய தூசியை அந்த உருகல்தான் வாரிக்கொண்டு போகும். பிளேட்டுக்கு உறை, மூட்டுக்கு மேல் தார்ப்பாய், குழாயின் மறுமுனைக்கு மூடி. அந்த மூடி இல்லையென்றால் கடற்காற்று குழாய்க்குள் புகுந்து உருகிய முகத்தின் மேலேயே வீசும்.

சென்ற கோடையில் பிளந்த நான்கு பட்டைகளில் ஒன்று இன்னும் என் வண்டியின் டூல் பாக்ஸில் இருக்கிறது. எந்தத் தளத்துக்குக் கூப்பிட்டாலும் கொண்டுவந்து காட்டுகிறேன். முதலில் மேல்பக்கம் காட்டுவேன். பாஸா ஃபெயிலா என்று நீங்கள் சொன்ன பிறகுதான் திருப்புவேன்.

இப்படிக்கு,
ஒரு வெல்டிங் சூப்பர்வைசர்,
அம்பத்தூர்