நீர் மாத்திரையும் அதிமதுரமும்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மகளுக்குக் கோவையில் வேலை கிடைத்ததில் எனக்கும் நிறைவு. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது அதைவிட நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மழை விட்டபாடில்லை. வெளிநோயாளர் பிரிவில் இருமலும் சளியுமாகக் கூட்டம்.

நீ புதிதாகத் தொடங்கும் உணவு ஆலோசனைப் பிரிவுக்கு நோயாளியின் உணவு வரலாற்றுப் படிவம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். கலோரி, புரதம், உணவு நேரம் எல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாட்டு மருந்துக்கான பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பல படிவங்களில் அது "வேறு மருந்துகள்: ஆம் / இல்லை" என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த வரியை நம்பினால் என்ன தப்பிப் போகும் என்பதற்கு அண்மையில் என்னிடம் வந்த ஓர் அம்மாவின் கதையே போதும்.

வயது அறுபதைக் கடந்தவர். இரத்த அழுத்தத்துக்குப் பல ஆண்டுகளாக அம்லோடிபினும் நீர் மாத்திரையான குளோர்தாலிடோன் 12.5 மில்லிகிராமும் சாப்பிடுகிறார். அழுத்தம் 138/86 என்ற அளவில் அடங்கியிருந்தது. திடீரென்று 168/98 ஆனது. மாத்திரையை ஒழுங்காகத்தான் விழுங்குகிறார் என்று மகன் உறுதியாகச் சொன்னதால், மருத்துவர் குளோர்தாலிடோனை 25 ஆக்கினார். அடுத்த முறை வந்தபோதும் அழுத்தம் இறங்கவில்லை. கால் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன, படியேற முடியவில்லை, மலச்சிக்கல் வேறு என்றார். இரத்தத்தில் பொட்டாசியம் 2.8. இருக்க வேண்டியது 3.5க்கு மேல். உப்பைக் குறைக்கவும் பொட்டாசியம் உள்ள உணவைக் கூட்டவும் சொல்லி என்னிடம் அனுப்பினார்கள்.

வாழைப்பழம், இளநீர், கீரை என்று எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் இந்த இரண்டு செய்திகளும் சேர்ந்து வந்ததுதான் என்னை நிறுத்தியது. நீர் மாத்திரை பொட்டாசியத்தைக் குறைக்கும், சரி, அழுத்தத்தை ஏற்றாது. அழுத்தம் ஏறிக்கொண்டே பொட்டாசியம் இறங்கினால், சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும் வேறு ஏதோ ஒன்று நடக்கிறது என்று பொருள்.

"நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒன்றும் கிடையாது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வைத்தியரிடம் போய் வாங்கினால்தான் அவருக்கு அது மருந்து. வீட்டில் டப்பாவில் இருப்பது வீட்டுப் பொருள். அதனால் இந்தக் கேள்வியை நான் எப்போதும் நாளின் ஒழுங்கில் பிரித்துத்தான் கேட்கிறேன். காலையில் எழுந்து வெறும் வயிற்றில் முதலில் வாயில் படுவது என்ன? காபிக்கு முன்னால்? சாப்பாட்டுக்குப் பின்னால்? படுக்கப் போகும்போது பாலிலோ தேனிலோ கலப்பது என்ன? பிறகு தொல்லையின் ஒழுங்கில்: சளிக்கு, மூட்டு வலிக்கு, வயிறு சுத்தமாக, தூக்கம் வர என்ன செய்கிறீர்கள்? இப்படிக் கேட்டதும் அவர் சிரித்துக்கொண்டே, "தொண்டை கரகரப்புக்கு அதிமதுரப் பொடி, தேனில் குழைத்து" என்றார். இரவில் நிலவாகைப் பொடி வெந்நீரில்.

அடுத்த முறை வரும்போது எல்லா டப்பாக்களையும் அவர் வழக்கமாகப் பயன்படுத்தும் கரண்டியையும் எடுத்துவரச் சொன்னேன். கரண்டியை ஏன் கேட்கிறேன் என்றால், "ஒரு ஸ்பூன்" என்பது வீட்டுக்கு வீடு வேறு. அவர் கூம்பாக எடுத்த கரண்டியை எங்கள் தராசில் வைத்தால் 3 கிராம். படிவத்தில் நான் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"அதிமதுரம், வேர்ப் பொடி. நாட்டு மருந்துக் கடையில் சில்லறையாக வாங்கியது, பெயர்ச்சீட்டு இல்லை. ஒரு வேளைக்கு 3 கிராம், காலையும் இரவும், தேனில். தொண்டைக் கரகரப்புக்கு. சொன்னவர் சம்பந்தி அம்மா. தீபாவளிக்கு அடுத்த வாரம் தொடங்கியது, இன்று வரை நிறுத்தவில்லை. நிலவாகை, இலைப் பொடி. முதலில் அரைக் கரண்டி, இப்போது ஒன்றரை. மலச்சிக்கலுக்கு. பல வருடங்களாக உண்டு, கடந்த ஒரு மாதமாகத்தான் அளவு கூடியது."

இதில் ஒவ்வொரு துண்டுக்கும் வேலை இருக்கிறது. தாவரத்தின் எந்தப் பகுதி, என்ன வடிவம், எவ்வளவு எடை, எதற்காக, யார் சொல்லி, எப்போதிலிருந்து. இவற்றில் பலரும் விட்டுவிடுவது கடைசியைத்தான். தேதி கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. பண்டிகையையோ மழையையோ பேரனின் பிறந்தநாளையோ வைத்துக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். தீபாவளி என்று கிடைத்ததும் பழைய மருத்துவச் சீட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அழுத்தம் ஏறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

என்ன நடந்தது என்பதை உன்னிடம் விரிவாகவே சொல்கிறேன். அதிமதுர வேரில் கிளிசிரைசின் என்ற பொருள் இருக்கிறது. குடலில் அது கிளிசிரைட்டினிக் அமிலமாக மாறி இரத்தத்தில் சேர்கிறது. நம் உடலில் சாதாரணமாகவே கார்டிசால் நிறையச் சுற்றுகிறது. உப்பைப் பிடித்துவைக்கச் சொல்லும் அல்டோஸ்டிரோனுக்கான ஏற்பியில் கார்டிசாலும் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி நடக்காமலிருக்க, சிறுநீரகத்தில் ஒரு நொதி கார்டிசாலைச் செயலற்ற கார்டிசோனாக மாற்றிவிடுகிறது. அந்த நொதியைத்தான் அதிமதுரம் முடக்குகிறது. பிறகு கார்டிசாலே அல்டோஸ்டிரோனின் வேலையைச் செய்கிறது: சோடியமும் நீரும் தங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது, பொட்டாசியம் சிறுநீரில் போகிறது.

அளவைப் பார். வேர்ப் பொடியில் கிளிசிரைசின் நூற்றுக்கு 4 பங்கு என்று வைத்தாலும், நாளுக்கு 6 கிராம் பொடியில் 240 மில்லிகிராம் வந்துவிடும். நாள்தோறும் எடுப்பவர்களுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அறிவியலாளர்கள் வைத்த வரம்பு. வேருக்கு வேர் இந்தப் பங்கு மாறும் என்பதால் என் கணக்கு தோராயமானதே. ஆனாலும் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பது தெரிந்துவிடுகிறது. இருமலுக்கு இரண்டு மூன்று நாள் ஒரு துண்டு வேரைச் சுவைப்பதும், இப்படி வாரக்கணக்கில் கரண்டி கரண்டியாக எடுப்பதும் ஒன்றல்ல.

இதன் மேல் நீர் மாத்திரை பொட்டாசியத்தை இழக்கச் செய்கிறது. நிலவாகையும் பேதி வழியாக இழக்கச் செய்கிறது. பொட்டாசியம் குறைந்தால் குடலின் தசைகளும் சோர்ந்து மலச்சிக்கல் வரும். மலச்சிக்கல் வந்ததும் அந்த அம்மா நிலவாகையைக் கூட்டினார். அழுத்தம் ஏறியதும் மாத்திரை கூடியது. ஒவ்வொருவரும் தன் பங்குக்குச் சரியானதைச் செய்ய, பொட்டாசியம் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. மல்லிகா, படிவத்தில் அந்த ஒரு வரி முன்பே நிரம்பியிருந்தால் இந்தச் சுழல் தொடங்கியே இருக்காது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் ஆறவில்லை.

மருத்துவருக்கு நான் எழுதிய குறிப்பு ஐந்து வரிதான். நீண்ட கட்டுரை எழுதினால் யாரும் படிப்பதில்லை. என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு, எப்போதிலிருந்து, எந்த மாத்திரையோடு மோதுகிறது, எந்தப் பரிசோதனையில் தெரியும் என்று எழுதினேன். அவர் அன்றே இதயப் படம் எடுக்கச் செய்தார், பொட்டாசியம் மருந்து கொடுத்தார், குளோர்தாலிடோனை மறுபடி 12.5க்குக் கொண்டுவந்தார். அதிமதுரம் நின்றது. நொதி மீண்டு வர இரண்டு வாரம் வரை ஆகலாம் என்பதால், நிறுத்திய மறுநாளே மாற்றத்தை எதிர்பார்க்கக் கூடாது. அதே காரணத்தால், "இப்போது சாப்பிடவில்லை, போன வாரமே விட்டுவிட்டேன்" என்பதையும் படிவத்தில் எழுத வேண்டும். இந்த வாரங்களில் பொட்டாசியத்தை அடிக்கடி பார்க்கச் சொன்னோம். இழப்பு நின்ற பிறகும் பொட்டாசியம் மருந்து தொடர்ந்தால் எதிர்ப்பக்கம் ஏறிவிடும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் டெல்மிசார்டான் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது ஆபத்து. ஒரு மாதம் கழித்து அழுத்தம் 136/84, பொட்டாசியம் 4.0. நிலவாகையைப் படிப்படியாகக் குறைத்தோம். இசப்கோல் கொடுத்தேன், மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் தள்ளி எடுக்கச் சொல்லி.

இந்த அம்மா காலையில் குடித்த சீரகத் தண்ணீரையும், ரசத்தில் தாராளமாகப் போட்ட பூண்டையும் நான் தொடவில்லை. சமையலில் சேரும் அளவையும் பொடியாக விழுங்கும் அளவையும் ஒன்றாக்கி எல்லாவற்றையும் தடுத்தால், அடுத்த முறை எதையும் நம்மிடம் சொல்ல மாட்டார்கள். எதைச் சாப்பிட்டாலும் முகம் சுளிக்காமல் கேட்டு எழுதுவதுதான் முதல் வேலை. அலசல் பிறகு.

அலசும்போது எல்லா மோதல்களையும் ஒரே தட்டில் வைக்காதே. அதிமதுரம் மனிதர்களிடம் நன்கு நிறுவப்பட்டது, அதனால் நிறுத்தச் சொல்லத் தயங்க வேண்டாம். சர்க்கரை மாத்திரை கிளிமிபிரைடோடு சிறுகுறிஞ்சான் பொடி எடுப்பவரிடம் சான்று அத்தனை வலுவாக இல்லை. இரண்டும் சர்க்கரையை இறக்கக்கூடியவை என்பதால் தாழ் சர்க்கரை வரலாம் என்று எதிர்பார்த்து, வீட்டிலேயே சில நாள் சர்க்கரையை அளந்து பார்க்கச் சொன்னால் போதும். வார்ஃபரின், டிகாக்சின், வலிப்புக்கான ஃபெனிடாயின் போல அளவு சற்று மாறினாலே தொல்லை தரும் மாத்திரைகளை எடுப்பவர்களிடம் மட்டும் வலுவற்ற சந்தேகத்தையும் மருத்துவரிடம் சொல்லிவிடு. டிகாக்சின் எடுப்பவரிடம் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். அங்கே அதிமதுரத்துக்கு இடமே இல்லை.

இன்னும் சில செய்திகள். மூலிகை இருமல் சிரப் பலவற்றில் அதிமதுரம் உண்டு, ஆனால் சீட்டில் யஷ்டிமது என்று அச்சிட்டிருக்கும். பாட்டிலை வாங்கிப் பின்பக்கம் படி. நோயாளி ஒன்றும் சாப்பிடவில்லை என்றால் கட்டத்தை வெறுமையாக விடாதே. "கேட்டேன், இல்லை" என்று தேதியோடு எழுது. வெறுமையான கட்டத்தைப் பார்க்கிறவருக்கு, கேட்டார்களா இல்லையா என்பது தெரியாது. மழைக்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று என்று மாறுவதால், ஒவ்வொரு வருகையிலும் புதிதாகக் கேட்க வேண்டும். சித்த மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தாக இருந்தால் அவர் பெயரையும் எண்ணையும் வாங்கி, எதையும் நிறுத்தச் சொல்வதற்கு முன் அவரோடு பேசு. நான் பேசிய எல்லோரும் நோயாளி எடுக்கும் ஆங்கில மருந்துகளின் பெயரைக் கேட்டு மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டார்கள். அவர்களிடமும் நோயாளிகள் இதையெல்லாம் சொல்வதில்லையாம்.

என் படிவத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் ஊர்ப்பக்கம் வழங்கும் பெயர்கள் இங்கிருந்து வேறுபடும் என்பதால், நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவரோடு உட்கார்ந்து அதைத் திருத்திக்கொள். திருத்தியதை எனக்கும் அனுப்பு. பொங்கலுக்கு நான் அந்தப் பக்கம் வருகிறேன். அம்மாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து நேரம் தவறாமல் போடு.

அன்புடன்,
உன் சாரதா